குன்னூரிலிருந்து ஒரு மாதம் சிங்கப்பூர், மலேசியா: எந்த கார்டில் பணம் கொண்டுபோவது?

வெளிநாட்டுக்குப் பணம் கொண்டுபோக எந்த கார்டு நல்லது என்று கேட்டால், வங்கியில் ஒரு பதில் வரும், டிராவல்ஸ்காரரிடம் இன்னொரு பதில் வரும், போய்வந்த சொந்தக்காரர்களிடம் ஆளுக்கொரு பதில் வரும். மூன்றுமே ஏதோ ஒரு இடத்தில் சரியாக இருக்கும். அதனால் கார்டின் பெயரைப் பார்ப்பதைவிட, நம் ரூபாய் கடைக்காரர் கையில் போய்ச் சேர்வதற்குள் எத்தனை முறை நாணயம் மாறுகிறது, ஒவ்வொரு மாற்றத்திலும் யார் எவ்வளவு எடுக்கிறார்கள் என்று எண்ணிப் பார்ப்பதுதான் சுலபம். ஒரு முறை மாறினால் ஒரு வெட்டு, இரண்டு முறை மாறினால் இரண்டு வெட்டு.

நம் பக்கத்திலிருந்து அடிக்கடி போகிற ஒரு பயணத்தையே எடுத்துக்கொள்கிறேன். அருவங்காடு தொழிற்சாலையில் ஓய்வு பெற்ற ஒரு அண்ணனும் அண்ணியும் சிங்கப்பூரில் இருக்கும் மகள் வீட்டுக்கு ஒரு மாதம் போகிறார்கள். மூன்று வாரம் சிங்கப்பூர், ஒரு வாரம் கோலாலம்பூரும் பினாங்கும். தங்குவது மகள் வீடு என்பதால் சிங்கப்பூரில் செலவு குறைவு. மலேசியாவில் ஓட்டல் உண்டு.

அமெரிக்க டாலரோடு குழம்பாமல் இருக்க, சிங்கப்பூர் டாலரை அங்குள்ள தமிழர்கள் சொல்வது போல வெள்ளி என்றே எழுதுகிறேன்.

முதலில், பல நாணய பயண கார்டு, ப்ரீபெய்டு கார்டு, டெபிட் கார்டு மூன்றும் உள்ளே எப்படி வேலை செய்கின்றன

பல நாணய பயண கார்டைத்தான் நம் ஊரில் ஃபாரெக்ஸ் கார்டு என்கிறோம். ஒரே கார்டுக்குள் வெள்ளி, யூரோ, பவுண்டு, டாலர் என்று தனித்தனிப் பைகள் இருக்கும். ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே ரூபாயைக் கொடுத்து வெள்ளிப் பையில் வெள்ளியாக நிரப்பிக்கொள்கிறோம். நாணயம் மாறுவது அந்த ஒரு நேரம்தான். அங்கே கடையில் 12 வெள்ளிக்குத் தேய்த்தால் பையிலிருந்து சரியாக 12 வெள்ளி குறையும். ரூபாய் ஏறினாலும் இறங்கினாலும் நமக்குக் கவலை இல்லை.

ப்ரீபெய்டு கார்டு என்ற பெயரில் இரண்டு வகை வருகின்றன. ஒன்று, ரூபாயில் நிரப்பும் கார்டு. பரிசு கார்டு, வாலட் நிறுவனங்கள் தரும் கார்டு எல்லாம் இந்த வகை. இவற்றில் பெரும்பாலானவை இந்தியாவுக்குள் மட்டும் செல்லும், சில கார்டுகளின் பின்பக்கத்திலேயே அப்படி அச்சடித்திருக்கும். இதைப் பயணத்துக்குக் கணக்கில் சேர்க்காதீர்கள். இன்னொன்று, ஒரே ஒரு வெளிநாட்டு நாணயத்தில் நிரப்பும் பயண கார்டு. பெரும்பாலும் அமெரிக்க டாலர் கார்டு. இதைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நிறைய பேர் கையில் இதைக் கொடுத்துத்தான் அனுப்புகிறார்கள்.

டெபிட் கார்டில் முன்கூட்டி எதையும் மாற்றுவதில்லை. அங்கே 12 வெள்ளிக்குத் தேய்க்கும்போது விசாவோ மாஸ்டர்கார்டோ அன்றைய விலையில் அதை ரூபாயாக்கி, நம் சேமிப்புக் கணக்கில் கழிக்கச் சொல்லும். வங்கி அதன் மேல் தன் பங்காக மார்க்அப் போடும். பல வங்கிகளில் அது 2 முதல் 3.5 சதவீதம் வரை. அந்த மார்க்அப் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு. 3.5 சதவீத மார்க்அப் என்றால் வரியோடு சேர்ந்து 4.13 சதவீதம்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

கணக்குக்காக ஒரு வெள்ளி 70 ரூபாய், ஒரு ரிங்கிட் 22 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். கிளம்பும் வாரம் கூகுளில் என்ன விலை இருக்கிறதோ அதைப் போட்டு நீங்களே திருத்திக்கொள்ளலாம். சிங்கப்பூரில் 1,500 வெள்ளி செலவு, அதாவது 1,05,000 ரூபாய். மலேசியாவில் 2,000 ரிங்கிட், அதாவது 44,000 ரூபாய். மொத்தம் 1,49,000 ரூபாய் மதிப்புள்ள செலவு. இதற்கு மேல் கையிலிருந்து எவ்வளவு போகிறது என்பதுதான் கேள்வி.

ஃபாரெக்ஸ் கார்டில் 1,500 வெள்ளி நிரப்பக் கேட்டால் 70 ரூபாய்க்குத் தர மாட்டார்கள். 71 ரூபாய் 40 காசு என்று சொன்னதாக வைத்துக்கொள்வோம். அதாவது 2 சதவீதம் கூடுதல். வெட்டு இங்கேதான் ஒளிந்திருக்கிறது. ‘கட்டணமே கிடையாது’ என்று விளம்பரத்தில் சொன்னாலும் விலையில் எடுத்துவிடுவார்கள். ஆக 1,07,100 ரூபாய். நாணயம் மாற்றுவதற்கு ஒரு சின்ன ஜிஎஸ்டி உண்டு. ஒரு லட்சத்தைத் தாண்டினால், 1,000 ரூபாயோடு ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட தொகையில் அரை சதவீதத்தைச் சேர்த்து, அதற்கு 18 சதவீதம். இந்தத் தொகைக்கு 186 ரூபாய் வரும். சிங்கப்பூர்ப் பகுதிக்கு மொத்த நஷ்டம் 2,286 ரூபாய், ஏறத்தாழ 2.2 சதவீதம். இதே செலவை 3.5 சதவீத மார்க்அப் உள்ள டெபிட் கார்டில் செய்தால் 4,336 ரூபாய் போகும். சிங்கப்பூரில் ஃபாரெக்ஸ் கார்டுக்குத்தான் வெற்றி, அதில் சந்தேகமில்லை.

மலேசியா போனதும் கதை மாறுகிறது. பல ஃபாரெக்ஸ் கார்டுகளின் நாணயப் பட்டியலில் ரிங்கிட் கிடையாது. கோலாலம்பூரில் தேய்த்தால் கார்டு என்ன செய்யும்? வெள்ளிப் பையிலோ டாலர் பையிலோ கைவைத்து, அதை ரிங்கிட்டாக மாற்றிக் கொடுக்கும். அப்படி மாற்றுவதற்கு ‘க்ராஸ் கரன்சி’ கட்டணம் என்று ஒன்று போடுவார்கள். அது 3.5 சதவீதம் என்று வைப்போம். 2,000 ரிங்கிட்டுக்கு 629 வெள்ளி போதும் என்ற இடத்தில் 650 வெள்ளிக்கும் மேல் குறையும். அந்த வெள்ளியை நாம் ஏற்கெனவே 71.40 கொடுத்து வாங்கியிருக்கிறோம். எல்லாம் சேர்த்து 44,000 ரூபாய்ச் செலவுக்கு 46,450 ரூபாய் போயிருக்கும். 5.6 சதவீத நஷ்டம். அதே இடத்தில் சாதாரண டெபிட் கார்டு ஒரே ஒரு முறை மாற்றுகிறது, 4.13 சதவீதம், 1,817 ரூபாயோடு முடிந்துவிடுகிறது.

எல்லை தாண்டினால் எந்த கார்டு நல்லது என்பதே தலைகீழாகிறது. சிங்கப்பூரில் ஃபாரெக்ஸ் கார்டு, மலேசியாவில் டெபிட் கார்டு என்று பிரித்தால் மொத்த நஷ்டம் 4,100 ரூபாய் அளவில் நிற்கும். எல்லாவற்றையும் ஃபாரெக்ஸ் கார்டிலேயே செய்தால் 4,780. எல்லாம் டெபிட் என்றால் 6,150.

டாலர் ப்ரீபெய்டு கார்டு எங்கே நிற்கிறது? ரூபாயிலிருந்து டாலருக்கு ஒரு வெட்டு. டாலரிலிருந்து வெள்ளிக்கோ ரிங்கிட்டுக்கோ இன்னொரு வெட்டு. இரண்டு நாட்டிலும், வாங்கும் ஒவ்வொரு காபிக்கும் இதே கதைதான். அதே 2 சதவீதம், 3.5 சதவீதம் என்று போட்டாலும் 8,500 ரூபாய்க்கு மேல் போகிறது. ‘டாலரா ஏத்திட்டுப் போயிடுங்க சார், எங்க போனாலும் செல்லும்’ என்று கவுண்டரில் சொல்வார்கள். செல்லும், பொய்யில்லை. ஆனால் அமெரிக்காவுக்குப் போகாதவருக்கு இந்த மூன்றில் இதுதான் மோசமான கார்டு, எந்த ஏற்பாடும் செய்யாத சாதாரண டெபிட் கார்டைவிட மோசம்.

கலந்து எடுத்துப் போவதற்கும் ஃபாரெக்ஸ் மட்டும் எடுத்துப் போவதற்கும் வித்தியாசம் 700 ரூபாய்க்குள்தான், இதற்கா இவ்வளவு மண்டை உடைப்பு என்று அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் ஒரு கார்டு மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மாதம் வெளிநாட்டில் இருப்பது எப்படியும் சரிப்படாது. இரண்டாவது கார்டு கையில் இருந்தே ஆக வேண்டும் எனும்போது, அதை எந்த ஊரில் நீட்டுவது என்று தெரிந்துவைத்தால் போதும்.

கிளம்ப மூன்று வாரம் இருக்கும்போது

முதல் வேலை, நீங்கள் போகும் நாடுகளின் நாணயங்களை ஒரு தாளில் எழுதி, வாங்கப்போகும் ஃபாரெக்ஸ் கார்டின் நாணயப் பட்டியலோடு ஒப்பிடுவது. பட்டியல் வங்கியின் தளத்திலேயே இருக்கும். ‘22 நாணயம்’, ‘16 நாணயம்’ என்ற எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம், உங்களுக்கு வேண்டிய இரண்டு அதில் இருக்கிறதா என்பதுதான் விஷயம். இலங்கைக்குப் போகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். கோத்தகிரி, கூடலூர், பந்தலூர்ப் பக்கம் ஹட்டனிலும் நுவரெலியாவிலும் சொந்தம் உள்ள குடும்பங்கள் எத்தனையோ. ஆனால் வழக்கமான ஃபாரெக்ஸ் கார்டுப் பட்டியல்களில் இலங்கை ரூபாய் இருப்பதில்லை. அவர்களுக்குப் பல நாணய கார்டால் ஒரு பயனும் இல்லை. மார்க்அப் குறைந்த டெபிட் கார்டும் கொஞ்சம் டாலர் நோட்டும் போதும். 2024 பிப்ரவரியிலிருந்து அங்கே கியூஆர் வைத்த கடைகளில் நம் யுபிஐயிலும் பணம் செலுத்த முடிகிறது.

அடுத்து, உங்கள் டெபிட் கார்டின் மார்க்அப் எவ்வளவு என்று பாருங்கள். வங்கித் தளத்தில் கட்டணப் பட்டியலில் `Cross currency mark-up` அல்லது `Foreign currency transaction fee` என்ற வரியில் இருக்கும். கிளையில் கேட்டால் பல நேரம் ‘அதெல்லாம் ஒண்ணும் இருக்காதுங்க’ என்பார்கள். தாளில் உள்ளதை நம்புங்கள். அந்த வரியில் பூஜ்யம் என்று இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. சில வங்கிகள் சில வகைக் கணக்குகளுக்கு அப்படிக் கொடுக்கின்றன. அப்போது மேலே போட்ட கணக்கு முழுவதும் மாறிவிடும். விசா, மாஸ்டர்கார்டு போடும் விலை கூகுள் விலைக்கு மிக அருகில் இருக்கும் என்பதால், அந்த டெபிட் கார்டு இரண்டு நாட்டிலும் ஃபாரெக்ஸ் கார்டை அடித்துவிடும். ஆனால் அந்தக் கணக்குக்குக் குறைந்தபட்ச இருப்பு எவ்வளவு, ஏடிஎம்மில் எடுத்தால் என்ன கட்டணம் என்று இரண்டையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கார்டின் முகத்தில் என்ன சின்னம் இருக்கிறது என்றும் பாருங்கள். இந்தியாவுக்குள் மட்டும் செல்லும் ரூபே கார்டுதான் பலருடைய பென்ஷன் கணக்கோடு வருகிறது. அது வெளிநாட்டில் தேறாது. விசா அல்லது மாஸ்டர்கார்டு வேண்டும் என்று எழுதிக் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம், தபாலில் வர பத்து நாள் ஆகலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்வேன். பென்ஷனும் வைப்புத் தொகையும் இருக்கும் கணக்கின் டெபிட் கார்டை வெளிநாட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். ஃபாரெக்ஸ் கார்டு திருடு போனால் அதில் நிரப்பிய பணத்தோடு முடிந்தது. டெபிட் கார்டு திருடு போனால் கணக்கே திறந்து கிடக்கிறது. தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்கி அதில் 50,000 ரூபாய் மட்டும் போட்டு, அதன் கார்டை எடுத்துப் போங்கள். தேவைப்பட்டால் அங்கிருந்தே செல்போனில் பெரிய கணக்கிலிருந்து இதற்கு மாற்றிக்கொள்ளலாம்.

ஃபாரெக்ஸ் கார்டு வாங்குவது

மலையில் உள்ள எல்லாக் கிளைகளும் அந்நியச் செலாவணி பார்ப்பதில்லை. குன்னூரிலோ ஊட்டியிலோ படிவத்தை வாங்கி, கோவைக்கு அனுப்பி, கார்டு அங்கிருந்து வரும். மழைக்காலத்தில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் கூரியரும் சேர்ந்து நிற்கும். இரண்டு வாரம் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். அவசரம் என்றால் கோவைக்கே இறங்கி, ஒரே நாளில் தரும் செலாவணி நிறுவனங்களில் வாங்கலாம்.

பாஸ்போர்ட், பான் கார்டு, விசா, டிக்கெட் நகல்கள் வேண்டும். ஏ2 என்ற படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கிக்கொள்ள மாட்டார்கள், வங்கிக் கணக்கிலிருந்துதான் அனுப்ப வேண்டும். டிசிஎஸ் என்று ஒரு வரி பிடிப்பார்களே என்று பலர் பயப்படுகிறார்கள். 2025 ஏப்ரலிலிருந்து ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் அது வருகிறது. வருடத்துக்கு இந்த ஒரு பயணம்தான் என்றால் ஒன்றரை லட்சத்துக்கு அந்தப் பேச்சே இல்லை.

விலை கேட்கும்போது ஒரு வேலை செய்யுங்கள். ‘1,500 வெள்ளி கார்டில் ஏறணும், வரி, கார்டு கட்டணம் எல்லாம் சேர்த்து நான் எத்தனை ரூபாய் அனுப்பணும்?’ என்று மட்டும் கேளுங்கள். வெள்ளிக்கு என்ன விலை, கட்டணம் எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டால் ஒன்றைக் குறைத்து இன்னொன்றை ஏற்றிச் சொல்வார்கள். வந்த மொத்த ரூபாயை 1,500 ஆல் வகுத்து, அதே நேரத்தில் கூகுள் காட்டும் விலையோடு ஒப்பிட்டால் உண்மையான சதவீதம் தெரிந்துவிடும். ஒரே மணி நேரத்துக்குள் இரண்டு மூன்று இடத்தில் கேட்டு, அதில் குறைந்ததை மற்றவரிடம் சொன்னால் பத்து இருபது காசாவது இறங்கி வருவார்கள். 3 சதவீதத்துக்கு மேல் போனால் வேறு இடம் பாருங்கள்.

எவ்வளவு நிரப்புவது? எதிர்பார்க்கும் செலவு முழுவதையும் ஒரேயடியாக நிரப்ப வேண்டாம். மீந்துபோனால் திரும்ப ரூபாயாக்கும்போது வாங்கும் விலையில்தான் எடுத்துக்கொள்வார்கள், அங்கே இன்னொரு 2 சதவீதம் போகும். 1,200 வெள்ளி நிரப்பிவிட்டு, குறையும்போது இணையத்தில் மேலும் ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் இதில் ஒரு கண்டிஷன் உண்டு. சனி, ஞாயிறில் அனுப்பினால் திங்கள்தான் ஏறும் என்ற கார்டுகள் இருக்கின்றன. பை காலியாகும் வரை காத்திருக்காமல் 200 வெள்ளி இருக்கும்போதே ஏற்றுங்கள். இன்னொன்று, வெள்ளிப் பையில் போதவில்லை என்றால் சில கார்டுகள் கேட்காமலே டாலர் பையில் கைவைத்துக் கட்டணத்தைப் போட்டுவிடும். அதனால் வேண்டாத பையில் எதையும் வைக்காமல் இருப்பதே நல்லது.

கவரில் பெரும்பாலும் இரண்டு கார்டு இருக்கும், ஒன்று மாற்று கார்டு. இரண்டையும் ஒரே பர்ஸில் வைத்தால் மாற்று கார்டு எதற்கு? ஒன்று அண்ணனிடம், ஒன்று அண்ணி கைப்பையில்.

கிளம்பும் வாரம்

டெபிட் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடு இயல்பாகவே மூடியிருக்கும். 2020இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த ஏற்பாடு அது. வங்கிச் செயலியில் கார்டு பகுதிக்குப் போய் `International usage` என்பதை இயக்க வேண்டும். கடை, ஏடிஎம், இணையம் என்று மூன்றும் தனித்தனியாக இருக்கும். கடையையும் ஏடிஎம்மையும் மட்டும் திறந்து, தினசரி வரம்பை 20,000 ரூபாய் அளவில் வையுங்கள். இணையத்தை மூடியே வைத்திருங்கள், அட்டை எண்ணைத் திருடுகிறவர்கள் அந்த வழியாகத்தான் வருகிறார்கள்.

செல்போனில் சர்வதேச ரோமிங் இயங்குகிறதா என்று குன்னூரிலேயே உறுதி செய்துகொள்ளுங்கள். கார்டில் பணம் ஏற்றவும், வரம்பை மாற்றவும், கணக்குக்குக் கணக்கு அனுப்பவும் ஓடிபி வந்தாக வேண்டும். அங்கே போய் உள்ளூர் சிம் போட்டுவிட்டு இந்திய சிம்மைக் கழற்றி டப்பாவில் வைத்தால் கார்டும் பாதி செத்த மாதிரிதான். இரண்டு சிம் போடும் போன் இருந்தால் இரண்டையும் உள்ளே வைத்திருங்கள்.

பிறகு 200 வெள்ளி நோட்டாக வாங்கிக்கொள்ளுங்கள். தேக்கா போன்ற உணவங்காடிகளில் பல கடைகள் உள்ளூர் கியூஆரும் ரொக்கமும்தான் வாங்குகின்றன, நம் கார்டை நீட்டினால் தலையாட்டிவிடுவார்கள்.

அங்கே போன பிறகு: மெஷின் கேட்கும் கேள்வி

எல்லாம் சரியாகச் செய்தவர்களும் பணத்தை விடுவது இந்த இடத்தில்தான். கோலாலம்பூரில் ஓட்டல் கவுண்டரில் 300 ரிங்கிட்டுக்கு டெபிட் கார்டைச் செருகுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மெஷின் அது இந்திய கார்டு என்று கண்டுகொண்டு, திரையில் இரண்டு வரி காட்டும். மேலே `MYR 300.00`, கீழே `INR 6,996.00`. எந்தத் தொகையில் செலுத்த விருப்பம் என்று கேட்கும். ரூபாயைப் பார்த்ததும் மனதுக்கு இதமாக இருக்கும், தெரிந்த காசு அல்லவா. 300 ரிங்கிட் என்பது 22 வீதம் 6,600தான். மீதி 396 ரூபாய் அந்த மெஷினை வைத்தவர்களுக்குப் போகிறது. அதோடு முடியாது. ரூபாயிலேயே கழித்தாலும் கடை வெளிநாட்டில் இருப்பதால் பல வங்கிகள் அதன் மேலும் ஒரு கட்டணம் போடும்.

ஃபாரெக்ஸ் கார்டில் இதே தவறு இன்னும் வேடிக்கை. சிங்கப்பூர்க் கடையில் வெள்ளியை ரூபாயாக்குவார்கள். நம் கார்டில் ரூபாய்ப் பை இல்லாததால் அந்த ரூபாயை மறுபடி வெள்ளியாக்கிக் கழிப்பார்கள். பையில் இருந்த வெள்ளியை வெள்ளியாகவே கொடுத்திருக்கலாம்.

எப்போதும் அந்த நாட்டு நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். சில இடங்களில் கடைக்காரரே நம்மைக் கேட்காமல் பொத்தானை அழுத்திவிடுவார். ரசீது கையில் வந்ததும் ஐஎன்ஆர் என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அங்கேயே நின்று ரத்து செய்து மறுபடி போடச் சொல்லுங்கள், அப்போதே கேட்டால் செய்து தருவார்கள். ஏடிஎம்மில் இதே கேள்வி வேறு முகத்தோடு வரும். `Continue with conversion`, `Continue without conversion` என்று கேட்கும். இரண்டாவதைத்தான் அழுத்த வேண்டும். முதலாவதை அழுத்தாவிட்டால் பணம் வராதோ என்று தோன்றும்படி திரையை அமைத்திருப்பார்கள், வரும்.

ஏடிஎம் பற்றி இன்னும் ஒன்று. எடுக்கும் ஒவ்வொரு முறைக்கும் நம் வங்கி 150 ரூபாயும் வரியும் போடுகிறது என்றால், அது 177 ரூபாய். 200 ரிங்கிட் எடுத்தால் அந்த 177 மட்டுமே 4 சதவீதம், மார்க்அப் தனி. 800 ரிங்கிட்டாக ஒரே தடவை எடுத்தால் 1 சதவீதம். சில மெஷின்கள் தங்கள் பங்குக்கும் ஒரு கட்டணம் கேட்கும், பணம் வரும் முன் திரையில் காட்டும், பிடிக்காவிட்டால் ரத்து செய்துவிட்டு வேறு வங்கி மெஷினுக்குப் போகலாம். அதைவிடச் சுலபமான வழி, சிங்கப்பூரிலேயே வெள்ளி நோட்டைக் கொடுத்து ரிங்கிட் வாங்கிக்கொள்வது. லிட்டில் இந்தியாவிலும் ராஃபிள்ஸ் பிளேஸிலும் நாணய மாற்றுக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அன்றாடம் ஆயிரக்கணக்கானோர் அந்த எல்லையைக் கடப்பதால் வெள்ளிக்கும் ரிங்கிட்டுக்கும் இடையே அவர்கள் வைக்கும் லாபம் மிகக் குறைவு. விமான நிலையத்துக் கவுண்டரில் மட்டும் மாற்றாதீர்கள்.

ஓட்டலில் அறை எடுக்கும்போது வைப்புத் தொகை என்று கார்டில் 200 ரிங்கிட்டோ அதற்கு மேலோ பிடித்து வைப்பார்கள். பணம் போகவில்லை, ஆனால் பயன்படுத்தவும் முடியாது. அறையைக் காலி செய்தாலும் அது விடுபட வாரக்கணக்கில் ஆகலாம். பையில் அளவாக வைத்திருக்கிற ஃபாரெக்ஸ் கார்டில் இப்படி மாட்டிக்கொண்டால் மாதக் கடைசி திண்டாட்டம். வைப்புத் தொகையை ரொக்கமாக வாங்கிக்கொள்வீர்களா என்று கேளுங்கள், பல ஓட்டல்களில் சம்மதிப்பார்கள். வெளிநாட்டவருக்கு ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி தனியாக உண்டு, அதையும் நோட்டாகக் கொடுத்துவிடலாம்.

சிங்கப்பூர் ரயிலிலும் பஸ்ஸிலும் கார்டை நேரடியாகத் தட்டி ஏறலாம். ஆனால் வெளிநாட்டு கார்டு என்றால் அதற்கு ஒரு சிறு நிர்வாகக் கட்டணம் சேர்ப்பார்கள். மூன்று வாரம் இருப்பவர்கள் அங்கேயே ஒரு பயண அட்டை வாங்கி ரொக்கத்தால் நிரப்பிக்கொள்வது மேல்.

கார்டு தொலைந்தால் முதல் வேலை செயலியில் அதை முடக்குவது, அதன்பிறகுதான் தேடுவது. வங்கியின் வெளிநாட்டு உதவி எண்ணை போனில் மட்டும் வைக்காமல் பாஸ்போர்ட் உறைக்குள் ஒரு துண்டுத் தாளிலும் எழுதி வையுங்கள். கார்டும் போனும் ஒரே பையில்தான் பெரும்பாலும் போகும்.

திரும்பி வந்த பிறகு

டெபிட் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டை வந்த அன்றே மூடுங்கள். ஒரு வாரம் கழித்துக் கணக்கைப் பார்த்து, ஓட்டல் பிடித்து வைத்த தொகை விடுபட்டதா, ஒரே பில் இரண்டு முறை கழிந்திருக்கிறதா என்று ரசீதுகளோடு ஒப்பிடுங்கள். கார்டில் மீந்த வெள்ளி 30, 40தான் என்றால் அடுத்த பயணத்துக்கு விட்டுவைக்கலாம் என்று தோன்றும். ஆனால் சில கார்டுகள் சில மாதம் பயன்படுத்தாமல் இருந்தால் செயலற்ற கட்டணம் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடும். நிபந்தனைத் தாளில் அந்த வரி இருந்தால் திருப்பிக் கொடுத்து ரூபாயாக்கிவிடுங்கள். நோட்டாக மீந்தவற்றில் 2,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரை வீட்டில் வைத்துக்கொள்ள அனுமதி உண்டு, அதற்கு மேல் இருந்தால் திரும்பி வந்த 180 நாளுக்குள் வங்கியில் கொடுத்துவிட வேண்டும்.